வெளியாகிவிட்ட கேப்ஷனில் விலையும் தேதியும் தவறு: எல்லோருக்கும் தெரியும்படி எப்படித் திருத்துவது?

கொலுப்படி (31 ஆகஸ்ட் 2025, காலை 10.15)

அனைவருக்கும் வணக்கம். மதுரையை அடுத்த விளாச்சேரியில் தலைமுறைகளாகக் கொலு பொம்மை செய்துவரும் ஒரு குடும்பத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். நேற்று, சனிக்கிழமை காலை, தசாவதார செட்டின் படங்களுடன் ஒரு பதிவு இட்டோம். அதன் கேப்ஷன் இது:

"தசாவதார செட், 10 பொம்மைகள், களிமண், கையால் வண்ணம் தீட்டியது. ரூ. 2,580. பார்சல் கட்டணம் தனி. முன்பதிவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை."

சரியான விலை ரூ. 2,850. இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. கடைசி நாள் வெள்ளிக்கிழமைதான், ஆனால் வெள்ளிக்கிழமை வருவது 12ஆம் தேதி. சனிக்கிழமை காலையில் பார்சல் வண்டியில் எல்லாப் பெட்டிகளையும் ஏற்றிவிடுவார்கள். இந்த ஆண்டு மகாளய அமாவாசை 21ஆம் தேதி ஞாயிறு, நவராத்திரி மறுநாள் தொடங்குகிறது. அமாவாசையன்றே படி கட்டுகிறவர்களுக்கு அதற்கு முன் பொம்மைகள் போய்ச் சேர வேண்டும் என்பதால் இந்தத் தேதியைத் தள்ளிப்போட முடியாது.

இதற்குள் மூன்று பேர் ரூ. 2,580 செலுத்திவிட்டார்கள், அவர்களுக்கு "ஆர்டர் உறுதியானது" என்று பதிலும் அனுப்பிவிட்டோம். ஐந்து பேர் உள்பெட்டியில் விலை கேட்டு, அதே தொகையைப் பதிலாகப் பெற்றிருக்கிறார்கள், ஆனால் பணம் செலுத்தவில்லை. கமெண்டிலும் இரண்டு இடங்களில் தவறான விலை இருக்கிறது. யாரோ படத்தையும் கேப்ஷனையும் சேர்த்துப் பிடித்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு ஒன்றில் பகிர்ந்திருப்பதாகவும் தெரிகிறது.

படத்தில் விலையோ தேதியோ இல்லை, கேப்ஷனில் மட்டும்தான். சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிடலாமா, அல்லது திருத்தக் குறிப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டுமா? சேர்த்தால் எங்கே, என்ன சொற்களில்? குறிப்பைப் பார்க்கிறவர்கள் விலையை ஏற்றிவிட்டோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று வீட்டுப் பெரியவர் தயங்குகிறார்.

மாடவீதி (காலை 10.32)

பதிவை நீக்கிவிட்டுச் சரியான விலையுடன் புதிதாக இடுங்கள். ஒரு நாள் பழைய பதிவுதானே, பெரிய இழப்பு இராது. தவறான பதிவே இல்லை என்றால் குழப்பமும் இல்லை. திருத்தம், வருத்தம் என்று எழுதினால்தான் மக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்.

முன்னாள் துணையாசிரியர் (காலை 11.05)

நான் பல ஆண்டுகள் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருந்துவிட்டு, இப்போது சில கடைகளின் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். நண்பர் மாடவீதி சொல்வது ஒரு சூழலில் முற்றிலும் சரி. எண் படத்திலேயே பதிந்திருந்தால், இன்ஸ்டாகிராமில் வெளியான படத்தின் மேல் எதையும் மாற்ற முடியாது. அப்போது நீக்கிவிட்டுப் புதிதாக இடுவதே பெரும்பாலும் நல்ல வழி. ஆனால் இங்கே எண் கேப்ஷனில் மட்டும் இருக்கிறது, கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். பதிவை நீக்கினால் அதைச் சேமித்து வைத்தவர்களிடமிருந்தும் இணைப்பைப் பகிர்ந்த இடங்களிலிருந்தும் அது மறைந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் திரைப்பிடிப்பு மட்டும் அப்படியே இருக்கும். அதைப் பார்த்து உங்கள் பக்கத்திற்கு வருகிறவர் பழைய பதிவைக் காணாமல், வேறு விலையில் ஒரு புதிய பதிவை மட்டும் கண்டால் என்ன நினைப்பார்? பெரியவர் எதற்காகத் தயங்குகிறாரோ அதையேதான் நினைப்பார். அவர் வந்து சேரும் இடத்தில் விளக்கம் இருக்க வேண்டும். ஆகவே பதிவு அங்கேயே இருக்கட்டும்.

சத்தமில்லாமல் மாற்றுவதிலும் இதே குறை உண்டு. திருத்திய கேப்ஷனில் இன்ஸ்டாகிராம் 'திருத்தப்பட்டது' என்று ஒரு சிறு குறி காட்டும், ஆனால் எது எதுவாக மாறியது என்று காட்டாது. நேற்று 2,580 என்று படித்தவர் இன்று 2,850 என்று படித்து, அருகில் அந்தக் குறியையும் பார்த்தால், ஆர்டர்கள் வரத் தொடங்கியதும் விலையை ஏற்றிவிட்டார்கள் என்றே முடிவு செய்வார். அவரிடம் கேப்ஷனின் திரைப்பிடிப்பும் இருந்தால் நீங்கள் மறுத்துப் பேசவும் வழியில்லை.

நான் செய்வது இரண்டு வேலை. கேப்ஷனின் உள்ளே தவறாக இருக்கும் எண்களை அந்தந்த இடத்திலேயே சரியாக்குவேன். பிறகு கேப்ஷனின் தலைப்பகுதியில், முதல் வரியாக, திருத்தக் குறிப்பை வைப்பேன். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். குறிப்பை மட்டும் மேலே சேர்த்துவிட்டுக் கீழே பழைய 2,580ஐ அப்படியே விட்டால், ஒரே கேப்ஷனில் இரண்டு விலை நிற்கும். நடுவிலிருந்து படிக்கிறவர் பழையதையே எடுத்துக்கொள்வார்.

கொலுப்படி (காலை 11.20)

ஐயா, குறிப்பைக் கடைசியில் வைத்தால் போதாதா? முதல் வரியில் பொம்மையைப் பற்றிச் சொன்னால்தானே வாங்குகிறவர் நின்று படிப்பார்.

முன்னாள் துணையாசிரியர் (காலை 11.41)

பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே பார்க்கும்போது கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். மீதியைப் பார்க்கத் தொட்டு விரிக்க வேண்டும். பெரும்பாலோர் விரிப்பதில்லை. கடைசியில் இருக்கும் குறிப்பு, விலை ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறவருக்கு, அதாவது யாருக்கு அது மிகவும் தேவையோ அவருக்கு, எட்டவே எட்டாது. பதிவின் அழகு குறைகிறது என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் முன்பதிவு முடிய இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை, அதுவரை இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"திருத்தம் (ஆகஸ்ட் 31, பகல் 12 மணி): செட்டின் விலை ரூ. 2,850. முன்பதிவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 12, வெள்ளி. முதலில் ரூ. 2,580 என்றும் செப்டம்பர் 13 என்றும் தவறாக எழுதியிருந்தோம், வருந்துகிறோம்."

சரியான எண் முன்னால் வருகிறது, தவறான எண் பின்னால் வருகிறது. விரிக்காமல் பார்க்கிறவர் கண்ணில் சரியான எண்தான் முதலில் பட வேண்டும். "விலை மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதாதீர்கள், அது விலையேற்றம் என்றே படும். தட்டச்சில் நேர்ந்தது, அவசரத்தில் நேர்ந்தது என்ற காரணங்களும் வேண்டாம். 2,580, 2,850 இரண்டையும் அருகருகே பார்க்கிறவருக்கு என்ன நடந்தது என்று தானாகவே புரிந்துவிடும்.

சில்லறை வணிகர் (பகல் 12.10)

அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம் என்பதை யாரும் ஏன் சொல்லவில்லை? எம்.ஆர்.பி. ஒட்டிய பிறகு அதன்மேல் கூடுதல் விலைக்கு வேறு ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. ரூ. 2,580 என்று போட்டுவிட்டீர்கள், அந்த விலைக்குத்தான் விற்றாக வேண்டும்.

வழக்கறிஞர் மீனாட்சி (பகல் 12.34)

வணிகர் ஐயா, நீங்கள் சொல்லும் விதி முன்கூட்டியே பொட்டலமிட்டு விலை அச்சிட்டு வரும் பொருள்களுக்கானது. இங்கே அச்சிட்ட விலையோ ஸ்டிக்கரோ இல்லை. கைவினைக் குடும்பம் ஒன்று தன் பொம்மைக்கு ஒரு பதிவில் சொன்ன விலையைப் பற்றியே கேள்வி.

ஒப்பந்தச் சட்டத்தின் பார்வையில், பொதுவெளியில் விலையை அறிவிப்பது பெரும்பாலும் வாங்க வாருங்கள் என்ற அழைப்பாகவே கொள்ளப்படும். வாங்குகிறவர் கேட்டு, விற்கிறவர் ஏற்றுக்கொள்ளும்போதுதான் ஒப்பந்தம் உண்டாகிறது. ஆகவே இனிமேல் வருகிறவர்களிடம் சரியான விலையைச் சொல்லி விற்பதில் தடையில்லை. பணம் செலுத்தி, "உறுதியானது" என்ற பதிலும் பெற்ற மூவரின் நிலை வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 22ஆவது பிரிவு, ஒரு தரப்பு மட்டும் ஒரு செய்தியைத் தவறாக எண்ணியிருந்தது என்ற காரணத்தால் மட்டும் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ள முடியாது என்கிறது. அந்த மூவருக்கும் ரூ. 2,580க்கே அனுப்பிவிடுங்கள். செட்டுக்கு ரூ. 270 வீதம் மொத்தம் ரூ. 810தான் வித்தியாசம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். தவறு தெரிந்த பிறகும் குறைந்த விலையைப் பொதுவில் நிற்கவிட்டு, உள்பெட்டிக்கு வருகிறவர்களிடம் மட்டும் கூடுதல் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தால், அதைத் தற்செயலான பிழை என்று யாரும் ஏற்க மாட்டார்கள். தவறான விளம்பரம் பற்றி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. இந்தச் சிறு விஷயம் அவ்வளவு தூரம் போகும் என்று பயமுறுத்தவில்லை. குறிப்பில் நாளும் நேரமும் இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு என்பதற்காகச் சொல்கிறேன். எப்போது தெரிந்தது, எப்போது திருத்தினீர்கள் என்பதற்கு அந்த வரியே சாட்சி.

முன்னாள் துணையாசிரியர் (பகல் 12.50)

அம்மா சொன்ன பிறகுதான் தோன்றுகிறது: குறிப்பின் முடிவில் இன்னொரு வாக்கியம் வேண்டும். "இந்தத் திருத்தத்திற்கு முன் பணம் செலுத்தியவர்களுக்குப் பழைய விலையே பொருந்தும்." இது இல்லாவிட்டால் அந்த மூவரும் பதறிப்போய் உள்பெட்டியில் கேட்பார்கள். ஆனால் குறிப்பு வெளியாகும் முன்பே அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்பிவிடுவது முறை. பொதுக் குறிப்பைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. மூவருக்கும் தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கோடிட்ட விலை (பகல் 1.15)

குறிப்பெல்லாம் எதற்கு? பழைய எண்ணின் மேல் கோடு இழுத்து அருகில் புதியதை எழுதினால் என்ன மாறியது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இணைய இதழ்கள் அப்படித்தான் செய்கின்றன. கோடு போட்ட எழுத்துகளை உருவாக்கித் தரும் தளங்கள் இருக்கின்றன. அங்கிருந்து நகலெடுத்து ஒட்டினால் போதும்.

முன்னாள் துணையாசிரியர் (பகல் 1.38)

கட்டுரைகளில் இது நல்ல முறைதான், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் விற்பனைப் பதிவில் கோடிட்ட விலைக்கு வாங்குகிறவர்கள் மனத்தில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது: அது தள்ளுபடி. கோட்டுக்குள் இருப்பது பழைய, கூடுதல் விலை, அருகில் இருப்பது குறைந்த விலை என்று கண் பழகிவிட்டது. இங்கே கோட்டுக்குள் 2,580, வெளியே 2,850 என்றால், பார்க்கிறவர் எண்களை மாற்றிப் படிப்பார், அல்லது இரண்டாவதாக ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று நினைப்பார்.

தளங்களில் உருவாகும் கோடு உண்மையான கோடும் இல்லை. ஒவ்வொரு எழுத்தோடும் இணையும் தனிக் குறி அது. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் கோடிட வசதியே கிடையாது என்பதால்தான் இந்தச் சுற்றுவழி. சில கைப்பேசிகளில் கோடு விலகி நிற்கும், சிலவற்றில் தெரியாமலே போகும். தெரியாமல் போனால் "ரூ. 2,580 ரூ. 2,850" என்று இரண்டு விலை அருகருகே நிற்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் திரைவாசிப்பியில் கேட்கும்போது கோடு என்ற செய்தி பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்காது. முழு வாக்கியத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லைகள் ஒன்றும் இல்லை.

மாடவீதி (பகல் 2.05)

சரி, நீக்க வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறான எண்ணை நீங்களே மீண்டும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. நேற்று பார்க்காதவர்களுக்கும் இன்று ரூ. 2,580 என்ற எண்ணை அறிமுகப்படுத்துகிறீர்கள். அவர்கள் அந்த விலைக்குப் பேரம் பேசுவார்கள். "விலையும் கடைசி நாளும் திருத்தப்பட்டுள்ளன" என்று மட்டும் சொல்லிச் சரியான எண்களைத் தந்தால் போதாதா?

முன்னாள் துணையாசிரியர் (பகல் 2.30)

நாளிதழ்களிலும் இந்த விவாதம் உண்டு. என் மேசையிலேயே இரண்டு கருத்தும் இருந்தது. தி இந்து ஆங்கில நாளிதழ் 2006ஆம் ஆண்டு வாசகர் ஆசிரியர் என்ற பொறுப்பை ஏற்படுத்தி, திருத்தங்களுக்கென்று நாள்தோறும் ஓர் இடத்தை ஒதுக்கியபோது, எந்தச் செய்தியில் எது தவறு என்று அடையாளம் காட்டுவது அங்கே வழக்கமாயிற்று. அவதூறான ஒரு கூற்றைத் திருத்தும்போது அதை மீண்டும் சொல்லாமல் விடுவது நல்லது. விலை, தேதி போன்றவற்றில் என் கருத்து வேறு. பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கிறவர், திருத்தம் தன் கையில் இருக்கும் எண்ணைப் பற்றியதுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். "கடைசி நாள் திருத்தப்பட்டுள்ளது, செப்டம்பர் 12" என்று மட்டும் படிக்கிறவர், தான் பார்த்த 13ஆம் தேதி திருத்தத்திற்குப் பிறகு வந்ததோ என்றுகூட நினைக்கலாம். பழையது எது, புதியது எது என்பதைக் குறிப்பே சொல்ல வேண்டும்.

பேரம் பேசுவார்கள் என்ற கவலைக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. சிலர் பேசத்தான் செய்வார்கள்.

முகாம் அமைப்பாளர் (மாலை 3.10)

எங்கள் ஊரில் இலவசக் கண் மருத்துவ முகாம் நடத்துகிறோம். ஒருமுறை பேஸ்புக் பதிவில் தேதி தவறாகப் போய்விட்டது, கிழமை சரியாக இருந்தது. உங்கள் நிலைமையேதான். கேப்ஷனை உடனே திருத்தினோம், மேலே குறிப்பும் சேர்த்தோம். ஆனால் முகாமுக்கு வருகிற பெரியவர்கள் பேஸ்புக் பார்க்கிறவர்கள் இல்லை. பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்து வருகிறவர்கள். அந்தப் படம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. தவறான நாளில் முதியவர்கள் சிலர் பேருந்து ஏறி வந்து, பூட்டிய மண்டபத்தின் வாசலில் காத்திருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மா, "கிழமையைப் பார்க்கவில்லை, தேதியைத்தான் பார்த்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பழக்கங்களை வைத்துக்கொண்டோம். தேதி தவறினால், திருத்திய தேதியுடன் தனிப் படம் ஒன்றை வேறு நிறப் பின்னணியில் செய்து, பழைய படம் போன அதே குழுக்களுக்கு அனுப்புவோம். ஒரே நிறத்தில் இருந்தால் ஏற்கெனவே பார்த்த படம் என்று திறக்காமலே கடந்துவிடுகிறார்கள். இரண்டாவது, தவறான தேதியன்று ஒருவர் மண்டபத்தில் இருப்பார், என்னதான் திருத்தம் அனுப்பியிருந்தாலும். உங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். 13ஆம் தேதி காலையில் ஆர்டர் கொடுக்க யாராவது வருவார்கள்.

கொலுப்படி (மாலை 3.35)

இதை நான் யோசிக்கவே இல்லை. 13ஆம் தேதி சனிக்கிழமை வண்டி ஏற்றுகிற வேலையில் எல்லோரும் இருப்பார்கள். வருகிற செய்திகளுக்குப் பதில் சொல்ல நான் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறேன். பெரியவரிடம் கேட்டேன், கூடுதலாக இரண்டு செட் வைக்கோல் சுற்றித் தயாராக வைக்கச் சொல்கிறேன் என்றார்.

வாட்ஸ்அப்பில் எங்கள் வாடிக்கையாளர் குழுவுக்கு நேற்று நானே இதே வாசகத்தை அனுப்பியிருந்தேன். அதைத் திருத்தப் பார்த்தால் திருத்தும் வசதியே வரவில்லையே, ஏன்?

முன்னாள் துணையாசிரியர் (மாலை 3.52)

வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்திற்குள் மட்டுமே செய்தியைத் திருத்தலாம். திருத்தினாலும் யாருக்கும் புதிய அறிவிப்பு போகாது. ஏற்கெனவே படித்தவர் மீண்டும் வந்து பார்க்கப் போவதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, நேற்றைய அந்தச் செய்தியை இழுத்து, அதற்கே பதிலாகத் திருத்தக் குறிப்பை அனுப்புவது. அப்போது பழைய செய்தி மேற்கோளாக மேலே நிற்கும், எதற்கான திருத்தம் என்று கேட்கத் தேவையிராது. எல்லோருக்குமாக நீக்கிவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் மிஞ்சி, என்னவோ மறைக்கிறார்கள் என்ற எண்ணத்தைத் தரும். வேறு குழுக்களுக்குப் போன பிரதிகளை நீங்கள் எதுவும் செய்ய முடியாது. பகிர்ந்தவரைத் தெரிந்தால் அவரிடமே திருத்தத்தையும் பகிரச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னும் ஓர் இடம் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் பதிவு பேஸ்புக்கிலும் தானாக வெளியாகும்படி வைத்திருக்கிறீர்களா?

கொலுப்படி (மாலை 4.00)

ஆம், வைத்திருக்கிறோம்.

முன்னாள் துணையாசிரியர் (மாலை 4.08)

அப்படியானால் அங்கே போய்ப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் செய்த திருத்தம் பேஸ்புக்கில் ஏற்கெனவே வெளியான பிரதிக்குத் தானாகப் போகாது, தனியாகத் திருத்த வேண்டும். பேஸ்புக்கில் பதிவின் திருத்த வரலாற்றை யாரும் திறந்து பார்க்கலாம் என்பதால், அங்கே சத்தமில்லாமல் மாற்றுவது இன்னும் மோசமாகத் தெரியும்.

கமெண்ட் பின் (மாலை 4.30)

இவ்வளவு பேசியும் கமெண்டைப் பின் செய்வதை யாரும் சொல்லவில்லையே. திருத்தத்தைக் கமெண்டாக எழுதி மேலே பின் செய்துவிட்டால் கேப்ஷனைத் தொடவே தேவையில்லை. நான் என் பக்கத்தில் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

வழக்கறிஞர் மீனாட்சி (மாலை 4.44)

கமெண்டைத் திறக்காதவர் அதைப் பார்க்கவே மாட்டாரே. பதிவை யாராவது பகிர்ந்தால் கேப்ஷன்தான் கூடவே போகும், கமெண்ட் போகாது. தவறான விலையைப் பொதுவில் நிற்கவிடக் கூடாது என்று நான் முன்பு சொன்னதும் இதற்குப் பொருந்தும்.

முன்னாள் துணையாசிரியர் (மாலை 4.58)

ஆனால் கேப்ஷனைத் திருத்திய பிறகு, கூடுதலாகப் பின் செய்வது பயனுள்ளதுதான். விலை கேட்கிறவர்கள் கமெண்டில்தான் கேட்கிறார்கள். கேட்பதற்கு முன் மேலே ஒரு பதில் இருந்தால் நல்லது. கேப்ஷனைத் திருத்தினால் யாருக்கும் அறிவிப்பு போவதில்லை, ஆனால் ஒருவருடைய கமெண்டுக்குப் பதில் எழுதினால் அவருக்கு அறிவிப்பு போகும். ஆகவே தவறான விலை இருக்கும் அந்த இரண்டு கமெண்டுகளுக்கும் கீழே, கேட்டவரைக் குறிப்பிட்டு, "மேலே சொன்ன ரூ. 2,580 தவறு, சரியான விலை ரூ. 2,850" என்று எழுதுங்கள். ஸ்டோரியிலும் ஒருமுறை போடலாம். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அதையே திருத்தமாகக் கொள்ள வேண்டாம்.

கொலுப்படி (மாலை 6.20)

எல்லாவற்றையும் செய்துவிட்டேன். முதலில் மூவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். ஒருவர் வித்தியாசத் தொகையைத் தானாகவே அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். கேப்ஷனின் தொடக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

"திருத்தம் (ஆகஸ்ட் 31, மாலை 5.30): செட்டின் விலை ரூ. 2,850. முன்பதிவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 12, வெள்ளி. முதலில் ரூ. 2,580 என்றும் செப்டம்பர் 13 என்றும் தவறாக எழுதியிருந்தோம், வருந்துகிறோம். இதற்கு முன் பணம் செலுத்தியவர்களுக்குப் பழைய விலையே பொருந்தும்."

பேஸ்புக் பிரதியில் இன்னமும் ரூ. 2,580 தான் இருந்தது. அதையும் மாற்றிக் குறிப்பைச் சேர்த்துவிட்டேன்.

பணம் செலுத்தாத ஐந்து பேர் பற்றி மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. அவர்களுக்கு நானே உள்பெட்டியில் ரூ. 2,580 என்று எழுதியிருக்கிறேன்.

மாடவீதி (மாலை 6.41)

பணம் வரவில்லை, உறுதியும் செய்யவில்லை. திருத்திய விலையைச் சொல்லிவிடுங்கள். மண், வண்ணம், கூலி எல்லாம் ஏறிக்கிடக்கிற நேரத்தில் ஐந்து செட்டில் ரூ. 1,350 என்பது செய்கிறவர்களுக்குச் சிறிய தொகை இல்லை.

வழக்கறிஞர் மீனாட்சி (மாலை 7.02)

கட்டாயம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பொதுப் பதிவைப் படிப்பதும், ஒருவர் கேட்டு அவருக்கென்று எழுதிய பதிலைப் பெறுவதும் வேறு வேறு. குறிப்பிட்ட பொருளுக்குக் குறிப்பிட்ட விலையைத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதை அவர்கள் ஏற்றுக்கொள்ளும் முன் நீங்கள் திரும்பப் பெறலாம். பெறுவதாக இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர்கள் பணம் அனுப்பிய பிறகு சொல்வதாக இருக்கக் கூடாது.

முன்னாள் துணையாசிரியர் (மாலை 7.15)

நானாக இருந்தால் ஐவருக்கும் செப்டம்பர் 3 வரை பழைய விலையைத் தருவேன். ஆனால் அது பெரியவரின் பணம், அவர்தான் சொல்ல வேண்டும்.

கொலுப்படி (இரவு 8.30)

பெரியவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அதுவரை அவர்கள் பணம் அனுப்பிவிடாமல் இருக்க, "முன்பு சொன்ன விலையில் பிழை நேர்ந்துவிட்டது, நாளை காலை உறுதியான விலையைத் தெரிவிக்கிறோம், அதுவரை பணம் அனுப்ப வேண்டாம், கடைசி நாள் 12ஆம் தேதி, வெள்ளி" என்று ஐந்து பேருக்கும் எழுதியிருக்கிறேன். விற்பனை முடிந்ததும் கேப்ஷனிலிருந்து குறிப்பை எடுத்துவிடலாமா?

மாடவீதி (இரவு 8.52)

12ஆம் தேதிக்குப் பிறகு அதற்கு வேலை இல்லை, எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு பழைய பதிவுகளைப் பார்க்கிறவர்களுக்கு அது எதற்கு?

முன்னாள் துணையாசிரியர் (இரவு 9.10)

அடுத்த ஆண்டு பழைய பதிவைப் பார்க்கிறவர்தான் "போன வருடம் ரூ. 2,580 தானே" என்று கேட்பார், அவர் கைப்பேசியில் திரைப்பிடிப்பும் இருக்கும். முதல் வரியிலிருந்து எடுத்துக் கேப்ஷனின் கடைசிக்கு நகர்த்துங்கள், முழுவதும் நீக்க வேண்டாம். அதையும் 13ஆம் தேதி மாலைக்குப் பிறகு செய்யுங்கள்; முகாம் அமைப்பாளர் சொன்னபடி அன்று காலையிலும் யாராவது தவறான தேதியைப் பிடித்துக்கொண்டு வரக்கூடும்.